சாவி தரும் தேதியைத் தள்ளிக் கேட்கும் கடிதம்

கேள்வி: தஞ்சாவூர் பக்கம் சின்ன அளவில் வீடு கட்டித் தரும் ஒப்பந்த வேலை செய்கிறேன். இப்போது 1,200 சதுர அடி வீடு ஒன்று நடக்கிறது. நவம்பர் 30-க்குள் சாவி தருவதாக ஒப்பந்தம். இன்று நவம்பர் 3. வேலை 85 சதவீதம் முடிந்துவிட்டது, ஆனாலும் மழையாலும், வீட்டுக்காரர் டைல்ஸ் தேர்வு செய்யத் தாமதித்ததாலும் முடியாது போலிருக்கிறது. கதவு வேலையும் பாக்கி. அவர் ஓய்வுபெற்ற ஆசிரியர், ரொம்ப மரியாதையானவர், 9,000 ரூபாய் வாடகை வீட்டில் இருக்கிறார். கார்த்திகைக் கடைசியில் கிரகப்பிரவேசம் வைக்க நினைக்கிறார். இரண்டு வாரம் கூடுதலாகக் கேட்டுப் பணிவாக ஒரு கடிதம் எப்படி எழுதுவது?

பதில்:

கடிதத்தை அப்புறம் எழுதலாம். முதலில் சைட் நோட்டையும் ஒரு வெள்ளைத் தாளையும் எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்குள் போய் ஒரு மணி நேரம் உட்காருங்கள். நீங்கள் கேட்கப்போகும் இரண்டு வாரம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியவில்லை. உங்களுக்கும் தெரியாது என்றுதான் நினைக்கிறேன். கேட்கக் கூச்சமில்லாத அளவு என்பதால் வாயில் வந்த கணக்கு அது. நானும் அப்படிக் கேட்டவன்தான். ஒரு வீட்டுக்கு முதலில் பத்து நாள் கேட்டேன், பிறகு ஒரு வாரம், பிறகு பதினைந்து நாள். மொத்தம் கிட்டத்தட்ட ஒரு மாதம்தான். முதலிலேயே ஒரு மாதம் கேட்டிருந்தால் அந்த மனிதர் கொடுத்திருப்பார். மூன்றாவது முறை போனபோது அவர் பதிலே சொல்லாமல் காபி மட்டும் கொடுத்து அனுப்பினார்.

அந்த 85 சதவீதத்தைக் கடிதத்தில் எழுதவே எழுதாதீர்கள். அது செலவான பணத்தின் கணக்கு. அஸ்திவாரம், தூண், தளம், செங்கல் சுவர் எல்லாம் பணத்தை அதிகம் விழுங்கும், ஆனால் ஒரே கொத்தனார் கூட்டம் தொடர்ந்து செய்துவிடும். மிச்சமிருக்கும் 15 சதவீதத்தில்தான் டைல்ஸ்காரர், தச்சர், எலக்ட்ரீசியன், பிளம்பர், பெயின்டர் என்று ஐந்து கூட்டம் வருகிறது, ஒருவர் முடித்தால்தான் அடுத்தவர் உள்ளே வர முடியும். வீட்டுக்காரர் பக்கத்திலிருந்தும் யோசியுங்கள். தவணை தவணையாக 85 சதவீதம் பணம் கொடுத்துவிட்டவர், குடிபோக முடியாத வீட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். அவரிடம் போய் 85 சதவீதம் என்றால், ‘அதான் பணமும் போய்விட்டதே’ என்றுதான் காதில் விழும்.

அதற்குப் பதிலாக, மிச்சமிருக்கும் ஒவ்வொரு வேலைக்கும் இரண்டு விஷயம் எழுதுங்கள்: எத்தனை நாள் ஆகும், எது முடியும் வரை அது காத்திருக்க வேண்டும். நீங்கள் சொன்னதை வைத்தும், இந்த அளவு வீட்டில் பொதுவாக மிஞ்சி நிற்கும் வேலைகளை வைத்தும் நான் ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். உங்கள் சைட்டில் உள்ளதுபோல எண்களை மாற்றிக்கொள்ளுங்கள்.

தரை டைல்ஸ் இன்னும் 600 சதுர அடி என்று வைத்துக்கொள்வோம். ஒரு டைல்ஸ் மேஸ்திரி இரண்டு ஆட்களோடு நாளைக்கு 80 முதல் 100 சதுர அடி போடுவார், அதனால் ஏழு வேலை நாள். நாளைக்கே தொடங்கினால் ஒரு ஞாயிறு போக, நவம்பர் 11. சமையல் மேடை கிரானைட்டும் குளியலறைச் சுவர் டைல்ஸும் கிட்டத்தட்ட இதே நாட்களில் பக்கத்திலேயே ஓடிவிடும். பெயின்டர் முதல் கை பட்டியை டைல்ஸ் முடிந்த அறைகளில் போட்டுக்கொண்டே வரலாம்.

அடுத்தது கதவு. நிலை முன்பே வைத்தாகிவிட்டது, கதவுகள்தான் வரவில்லை. தச்சர் 18-ஆம் தேதி தருவதாகச் சொல்கிறார் என்று வைப்போம். மாட்ட மூன்று நாள், ஆக 21. டைல்ஸ் போட்ட பிறகுதான் கதவின் அடியை அளந்து இழைத்து மாட்ட முடியும். மாட்டும்போது நிலை ஓரத்தில் பூச்சு உடையும், மரத்தூசி வீடு முழுக்கப் பறக்கும். அதனால் இரண்டாவது கை பட்டி, தேய்ப்பு, வண்ணம் எல்லாம் கதவுக்குப் பிறகுதான். பட்டியும் தேய்ப்பும் நான்கு நாள், பிரைமர் அடித்துக் காய இரண்டு நாள், வண்ணம் முதல் கை மூன்று நாள், இரண்டாவது கை மூன்று நாள். மொத்தம் 12 வேலை நாள். 22-ஆம் தேதி தொடங்கினால் இரண்டு ஞாயிறு போக டிசம்பர் 5. சுவிட்ச், ஃபேன், குழாய், வாஷ்பேசின் மாட்ட நான்கு நாள், கழுவித் துடைக்க இரண்டு நாள். டிசம்பர் 12.

இப்போது இந்தத் தாளைப் பாருங்கள். தேதியைப் பிடித்து வைத்திருப்பது எது? மழை இல்லை, டைல்ஸும் இல்லை. டைல்ஸ் 11-ஆம் தேதியே முடிந்துவிடுகிறது, அதன் பிறகு ஒரு வாரம் வீடு கதவுக்காகக் காத்திருக்கிறது. கதவு ஆர்டரைத் தாமதமாகக் கொடுத்தது யார்? உங்கள் கேள்வியில் மழைக்கும் டைல்ஸுக்கும் முதலிடம் கொடுத்துவிட்டு, கதவை ஓரமாக ஒரு வரியில் சொன்னீர்கள். அதிலேயே பதில் இருக்கிறது.

இது வெறும் நேர்மைப் பிரச்சினை இல்லை. ஆசிரியராக இருந்தவரிடம் தாமதக் காரணம் சொல்லப் போகிறீர்கள். முப்பது வருஷம் பையன்கள் சொன்ன காரணத்தைக் கேட்டவர். ‘மழை சார்’ என்றால், ‘ஐப்பசியில் அடைமழை வரும் என்று சித்திரையில் பூமி பூஜை போட்டபோது தெரியாதா’ என்று ஒரே கேள்வியில் முடித்துவிடுவார். உள்ளே டைல்ஸ் போட மழை தடையில்லை என்பதும் அவருக்குத் தெரியும். டைல்ஸ் தாமதத்தை அவர் தலையில் வைத்தால் இன்னும் மோசம். அது மரியாதைக் குறைவு மட்டுமில்லை, கணக்குப்படி பொய்யும்கூட, ஏனென்றால் அவர் ஒரு மாதம் முன்பே டைல்ஸைத் தேர்ந்தெடுத்திருந்தாலும் இன்றைய நிலையில் கதவு 18-ஆம் தேதிதான் வரும். எந்த வேலை தேதியைப் பிடித்து நிறுத்தியிருக்கிறதோ அதை மட்டும் காரணமாகச் சொல்லுங்கள். மற்றதெல்லாம் நடந்தவைதான், ஆனால் இந்தக் கடிதத்துக்குக் காரணமில்லை.

மழைக்கு உண்மையான இடம் ஒன்று உண்டு: வெளிச்சுவர். உங்களுக்கு மேற்குப் பக்கம் பூச்சு பாக்கி என்று வைத்துக்கொள்வோம். சாரம் கட்டிப் பூச நான்கு காய்ந்த நாள் வேண்டும், பிறகு ஏழு நாள் தண்ணீர் காட்ட வேண்டும், பிறகு சுவர் உலர நான்கு வாரம் விட வேண்டும். உலராத சுவரில் அடித்த பெயின்ட் கொப்புளம் விட்டு ஏடு ஏடாக உரியும், வெள்ளை உப்பும் பூக்கும். நவம்பர் 20 வாக்கில் மழை விட்டுப் பூச்சு தொடங்கினால் 23-இல் முடியும், தண்ணீர் காட்டி முடிய 30, உலர டிசம்பர் 28, இரண்டு கை வெளிப்பெயின்ட் ஒரு வாரம். ஜனவரி முதல் வாரம் ஆகிவிடும். ஆனால் வெளிப்பெயின்ட் இல்லாமல் குடிபோகலாம், கதவு இல்லாமல் போக முடியாது. இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லுங்கள். பிரிக்காமல் சொன்னால் முழு வீடும் ஜனவரிக்குப் போய்விட்டதாக அவர் நினைப்பார்.

சரி, எந்தத் தேதியைக் கேட்பது? டிசம்பர் 12 கார்த்திகைக்குள்தான் வருகிறது. மார்கழி பிறக்க மூன்று நான்கு நாள் இருக்கும். ‘எப்படியாவது கார்த்திகைக்குள் முடித்துக் கொடுக்கிறேன் சார்’ என்று சொல்ல வாய் துடிக்கும், அவரும் சந்தோஷப்படுவார். தயவுசெய்து சொல்லாதீர்கள். அந்த 12 என்பது தச்சர் சொன்ன நாளில் வந்து, பெயின்டர் ஒரு நாள்கூட லீவு போடாமல், ஈரக்காற்றிலும் பட்டி நேரத்துக்குக் காய்ந்தால் வரும் தேதி. நான்கு நாள் பிசகினாலும் மார்கழியில் விழும், மார்கழியில் யாரும் கிரகப்பிரவேசம் வைக்க மாட்டார்கள். அதற்குள் அவர் பத்திரிகை அடித்து, ஐயருக்கும் சமையல்காரருக்கும் முன்பணம் கொடுத்து, ஊர்ப்பட்ட உறவுக்காரர்களைக் கூப்பிட்டிருப்பார். நான்கு நாள் தாமதத்துக்கு அவருக்கு ஒரு மாத நஷ்டம், ஊர் முன்னால் அவமானம் வேறு. அவர் எப்படியும் தைக்குத்தான் போக வேண்டியிருக்கும் என்றால், அதை இப்போதே, பத்திரிகை அடிக்கும் முன்பே சொல்லிவிடுவதுதான் நீங்கள் அவருக்குச் செய்யக்கூடிய மரியாதை.

அதனால் உள்வேலைக்கு டிசம்பர் 24 கேளுங்கள். கணக்குக்கு மேல் 12 நாள். இந்த 12 எங்கிருந்து வந்தது என்றும் உங்களுக்குத் தெரிய வேண்டும். உங்கள் கடைசி இரண்டு மூன்று வீடுகளின் நோட்டைப் புரட்டி, தச்சர் சொன்ன நாளுக்கும் வந்த நாளுக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று பாருங்கள். அநேகமாக ஒரு வாரம் இருக்கும். மிச்சம் பெயின்டருக்கும் ஈரத்துக்கும். வெளிப்பெயின்டுக்கு ஜனவரி 10 கேளுங்கள், பொங்கலுக்கு முன்பு. பொங்கலுக்கு ஊருக்குப் போகும் ஆட்கள் திரும்ப ஒரு வாரம் ஆகும் என்பது உங்களுக்கே தெரியும்.

என்ன கொடுப்பது என்பதும் கடிதத்தில் இருக்க வேண்டும். கால அவகாசம் கேட்பது அவர் பணத்தைக் கேட்பது மாதிரிதான்: டிசம்பர் வாடகை 9,000 ரூபாய், வீட்டுக் கடன் இருந்தால் அந்த வட்டி. கதவு உங்கள் தவறு என்பதால் ஒரு மாத வாடகையைக் கடைசித் தவணையில் கழித்துக்கொள்ளச் சொல்லுங்கள். அதோடு பெயின்ட் தவணையை உள்வேலை முடிந்த பிறகே வாங்கிக்கொள்வதாகச் சொல்லுங்கள். இரண்டாவது உங்களுக்குக் கொஞ்சம் கையைக் கடிக்கும். ஆனால் வேலையை முடிக்காமல் ஓடிவிடுவானோ என்ற அவருடைய பயத்துக்கு அதைவிட நல்ல பதில் கிடையாது. கையில் பணம் சுற்றவில்லை என்றால் முதலாவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், செய்ய முடியாததை எழுதாதீர்கள்.

இனி கடிதம். ஒரு பக்கத்துக்குள் அடங்கட்டும். தேதி முதல் பத்தியிலேயே வர வேண்டும். மூன்று பத்தி வணக்கம் சொல்லிவிட்டுக் கடைசியில் தேதியைச் சொன்னால், படிக்கிறவர் அதுவரை என்ன குண்டு வரப்போகிறதோ என்று படபடத்துக்கொண்டிருப்பார்.

---

நவம்பர் 3

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் வீட்டை நவம்பர் 30-ஆம் தேதிக்குள் முடித்துச் சாவி தருவதாக ஒப்பந்தத்தில் எழுதிக் கொடுத்திருந்தேன். அந்தத் தேதியில் என்னால் தர இயலாது என்பதை வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன். குடிபோகும் நிலையில் வீட்டை ஒப்படைக்க டிசம்பர் 24 வரையும், வெளிப்பெயின்டை முடிக்க ஜனவரி 10 வரையும் கால அவகாசம் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

தாமதத்துக்கு முக்கியக் காரணம் கதவுகள். தச்சருக்கு ஆகஸ்டில் கொடுத்திருக்க வேண்டிய ஆர்டரை நான் அக்டோபரில்தான் கொடுத்தேன். அது என் தவறு. கதவு மாட்டிய பிறகே பட்டியின் கடைசித் தேய்ப்பும் வண்ணமும் செய்ய முடியும் என்பதால் உள்வேலை முழுவதும் அதற்காகக் காத்திருக்கிறது.

இன்றைய நிலை:

முடிந்தவை: கட்டுமானம், மொட்டைமாடித் தட்டோடு, உள்பூச்சு, மூன்று பக்க வெளிப்பூச்சு, ஒயர் இழுத்தது, சுவருக்குள் செல்லும் குழாய்கள், கூடத்திலும் ஒரு படுக்கையறையிலும் தரை டைல்ஸ்.

நடப்பவை: மற்ற அறைகளின் டைல்ஸ், நவம்பர் 11-இல் முடியும். முதல் கை பட்டி, இரண்டு அறைகளில் முடிந்திருக்கிறது.

காத்திருப்பவை: ஐந்து கதவுகள், நவம்பர் 18-இல் தருவதாகத் தச்சர் சொல்லியிருக்கிறார். அதன் பின் உள்பெயின்ட் 12 வேலை நாட்கள், மின்சாதனங்களும் குழாய்களும் மாட்டுவதற்கும் சுத்தம் செய்வதற்கும் 6 வேலை நாட்கள். மேற்குப் பக்க வெளிப்பூச்சுக்குத் தொடர்ந்து நான்கு நாட்கள் மழை விட வேண்டும். பூசிய பின் தண்ணீர் காட்டவும் உலரவும் ஐந்து வாரங்கள் ஆகும்.

இந்தக் கணக்குப்படி உள்வேலை டிசம்பர் 12-இல் முடிய வாய்ப்பு உண்டு. ஆனாலும் அந்தத் தேதியை நம்பித் தாங்கள் கார்த்திகையில் கிரகப்பிரவேசம் வைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். கதவோ பட்டியோ சில நாள் தாமதித்தாலும் மார்கழி பிறந்துவிடும். தை மாதத்தில் நாள் பார்த்தால் வீடு தயாராக இருக்கும். மேற்குப் பக்கப் பூச்சை நவம்பர் 23-க்குள் தொடங்க மழை விடவில்லை என்றால், வெளிப்பெயின்ட் மட்டும் பொங்கலுக்குப் பிறகு செல்லும். அப்படியானால் அன்றே தெரிவிக்கிறேன்.

என் தவறால் தங்களுக்கு ஆகும் டிசம்பர் மாத வாடகை ரூ. 9,000-ஐக் கடைசித் தவணையில் கழித்துக்கொள்ள வேண்டுகிறேன். பெயின்ட் தவணையையும் உள்வேலை முடிந்து தாங்கள் பார்த்த பிறகு வாங்கிக்கொள்கிறேன்.

தாங்கள் ஒப்புக்கொண்டால் இதன் நகலில் கையெழுத்திட்டுத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையெழுத்து)

---

சில இடங்களில் ஏன் அப்படி எழுதினேன் என்று சொல்லிவிடுகிறேன். மன்னிப்பு ஒரே இடத்தில், ஒரே வரியில் இருக்கிறது. பத்தி தோறும் மன்னிப்புக் கேட்டால் அவர் உங்களைச் சமாதானப்படுத்த வேண்டிய நிலைக்குத் தள்ளப்படுவார். ‘தவிர்க்க முடியாத காரணங்களால்’ என்ற சொற்றொடர் கடிதத்தில் எங்கும் இல்லை. கதவைத் தவிர்த்திருக்கலாம், அவருக்கும் அது தெரியும். டைல்ஸ் தேர்வு தாமதமானது பற்றி ஒரு சொல்லும் இல்லை. அவரே ‘நானும் டைல்ஸில் இழுத்துவிட்டேன்’ என்று சொல்லக்கூடும். சொன்னால் ‘அதனால் இந்தத் தேதி மாறவில்லை சார்’ என்று உள்ளதைச் சொல்லுங்கள்.

தச்சரின் தேதியை ‘தச்சர் சொல்லியிருக்கிறார்’ என்றுதான் எழுதியிருக்கிறேன், ‘வரும்’ என்று எழுதவில்லை. உங்கள் கையில் இருப்பதையும் அடுத்தவர் வாக்கில் இருப்பதையும் கலந்து எழுதக் கூடாது. கடிதம் கொடுப்பதற்கு முன்னால் தச்சுப் பட்டறைக்கு நேரில் போய்ப் பாருங்கள். பலகை அறுத்து அடுக்கியிருந்தால் 18 நம்பலாம். மரமே வரவில்லை என்றால் மேலே போட்ட கணக்கு முழுவதும் தள்ளிப்போகும், அப்போது 24-ஐக் கேட்பதும் பொய்யாகிவிடும்.

நகலில் கையெழுத்து எதற்கென்றால், 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 63-ஆம் பிரிவு, வாக்கைப் பெற்றவர் அதை நிறைவேற்றும் காலத்தை நீட்டித்துத் தரலாம் என்கிறது. கால நீட்டிப்பைத் தர வேண்டியவர் அவர்தான். நீங்கள் கடிதம் கொடுத்ததாலேயே தேதி மாறிவிடாது. வாயால் ‘சரி’ என்றாலும் சரிதான், ஆனால் நாளைக்கு அவருடைய மகன் ஒப்பந்தத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கும்போது காட்ட ஒரு காகிதம் வேண்டும். உங்கள் ஒப்பந்தத்தில் தாமதத்துக்கு நாளுக்கு இவ்வளவு என்று ஏதாவது எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் வாடகைக்குப் பதில் அதைத்தான் கடிதத்தில் தொட வேண்டும், தொடாமல் விட்டால் மறைப்பதாக ஆகும்.

கடிதத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். இன்று சாயங்காலமோ நாளைக் காலையோ அவரையே சைட்டுக்குக் கூப்பிட்டு, ‘முடிந்தவை, நடப்பவை, காத்திருப்பவை’ என்ற அதே வரிசையில் நடத்திக் காட்டுங்கள். கதவில்லாத நிலைகளுக்கு முன்னால் நின்று காரணத்தைச் சொல்லிவிட்டு அப்புறம் காகிதத்தைக் கொடுங்கள். படித்ததும் கையெழுத்துக் கேட்டு நிற்காதீர்கள், வீட்டில் மனைவியிடம் பேசிவிட்டு மறுநாள் தரட்டும். கிரகப்பிரவேசத் தேதியை முடிவு செய்வது பெரும்பாலும் அந்த அம்மாதான்.

‘இல்லை, கார்த்திகையில்தான் வைக்க வேண்டும்’ என்று அவர் உறுதியாக நின்றால், பால் காய்ச்ச மட்டும் ஒரு நாள் பார்க்கலாமா என்று கேளுங்கள். கார்த்திகைக் கடைசியில் பக்கத்து உறவுகள் நாலு பேரோடு பால் காய்ச்சிவிட்டு, ஊரைக் கூட்டிச் செய்யும் விருந்தைத் தையில் வைத்துக்கொள்கிறவர்கள் உண்டு. அதற்கு வாசல் கதவும், சமையலறையும், ஒரு அறையும், ஒரு கழிப்பறையும் தயாராக இருந்தால் போதும். அந்த ஒரு கதவை மட்டும் முதலில் முடித்துத் தரச் சொல்லித் தச்சரிடம் இப்போதே கேட்டு வையுங்கள்.

பிறகு 18-ஆம் தேதி. கதவு வந்தாலும் வராவிட்டாலும் அன்று சாயங்காலம் அவருக்கு நீங்களே போன் செய்யுங்கள். வந்துவிட்டால், ‘ஐந்தும் வந்துவிட்டது சார், நாளைக்கு மாட்டுகிறோம்’ என்று ஒரே வரி. வரவில்லை என்றால் எத்தனை வந்தது, மிச்சம் என்றைக்கு, அதற்காக எடுத்து வைத்த 12 நாளில் எத்தனை நாள் கரைந்தது, 24 இன்னும் நிற்கிறதா என்பதைச் சொல்லுங்கள்.